ரீஃபண்ட் பூஜ்யமாவது எங்கே?

வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்தபோது முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல் திரும்ப வரவேண்டும் என்று காட்டியது. சில வாரங்கள் கழித்து இணையதளத்தில் பார்த்தால் "Processed with no demand no refund" என்று நிற்கிறது. வரி பாக்கியும் இல்லை, திரும்பத் தரவேண்டியதும் இல்லை என்கிறது துறை. இதைப் பார்த்ததும் பெரும்பாலானோர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். பணம் போனது போனதுதான் என்று விட்டுவிடுகிறார்கள். இல்லையென்றால் வங்கிக் கணக்கில் ஏதோ கோளாறு என்று நினைத்து வங்கிக்கு அலைகிறார்கள். இரண்டுமே தவறு. வங்கிக் கணக்கில் சிக்கல் இருந்தால் ரீஃபண்ட் அனுப்பி அது திரும்பி வந்துவிட்டது என்று வேறு செய்தி வரும். இங்கே அனுப்புவதற்கே தொகை இல்லை என்று கணக்கு முடிந்திருக்கிறது. ஆகவே பார்க்கவேண்டியது கணக்கைத்தான்.

நீங்கள் ரீஃபண்ட் கேட்கவே இல்லை, கட்டவேண்டிய வரியும் கட்டிய வரியும் சமமாகத்தான் இருந்தன என்றால் இந்த நிலைக்கு நீங்கள் செய்யவேண்டியது எதுவும் இல்லை. கேட்ட தொகை பூஜ்யமாகியிருந்தால் மட்டுமே மேலே படிக்கவேண்டும்.

நாம் இணையம் வழியாக அனுப்பும் கணக்கு பெங்களூரில் உள்ள மத்தியச் செயலாக்க மையத்துக்குப் போகிறது. நாம் எழுதிய எண்களையும், துறையிடம் ஏற்கெனவே இருக்கும் எண்களையும் வைத்து அங்குள்ள கணினி மறுபடியும் ஒருமுறை கணக்கிடுகிறது. அந்த முடிவைத்தான் வருமான வரிச் சட்டம் 1961-இன் 143(1) பிரிவின்கீழ் ஓர் அறிவிப்பாக அனுப்புகிறார்கள். ஆடிட்டர்கள் இதை ‘இன்டிமேஷன்’ என்பார்கள். அதிகாரி ஒருவர் உட்கார்ந்து உங்கள் கணக்கைத் துருவி ஆராய்ந்து சொன்ன தீர்ப்பு அல்ல அது. கூட்டல் கழித்தலும், பார்த்தவுடன் தெரியும் முரண்பாடுகளும்தான் அதில் சரிபார்க்கப்படுகின்றன. நிதியாண்டு ஒன்றில் தாக்கலான கணக்குக்கு, அந்த நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் இந்த அறிவிப்பை அவர்கள் அனுப்பியாகவேண்டும். (2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறையாகிறது. அதற்கு முந்தைய ஆண்டுகளின் கணக்குக்குப் பழைய சட்டமும் அதன் பிரிவு எண்களுமே பொருந்தும்.)

திரையில் தெரியும் ஒற்றை வரியை விட்டுவிட்டு இந்த அறிவிப்பைத் திறக்கவேண்டும். மின்னஞ்சலில் வந்திருக்கும், வராவிட்டால் www.incometax.gov.in தளத்தில் உள்நுழைந்து e-File, Income Tax Returns, View Filed Returns என்று போனால் அந்தந்த ஆண்டுக்கு எதிரில் கிடைக்கும். பிடிஎஃப் கோப்பு பூட்டியிருக்கும். சிறிய எழுத்தில் பான் எண்ணும், இடைவெளி விடாமல் பிறந்த தேதியும் சேர்ந்ததே கடவுச்சொல். 1980 ஜனவரி 1-ஆம் தேதி பிறந்தவருக்கு இப்படி இருக்கும்:

```
abcde1234f01011980
```

திறந்தால் பல வரிசைகள் கொண்ட நீண்ட பட்டியல் இருக்கும். ஒவ்வொரு வரிசைக்கும் எதிரில் இரண்டு எண்கள். ஒன்று நீங்கள் உங்கள் கணக்கில் எழுதியது, மற்றது துறை கணக்கிட்டது. எல்லோர் கண்ணும் நேராகக் கடைசி வரிசைக்கு ஓடும். அங்கே ஒரு பக்கம் நீங்கள் கேட்ட தொகை, மறுபக்கம் பூஜ்யம். அதிலிருந்து காரணம் எதுவும் தெரியாது. மேலிருந்து ஆரம்பித்து வரிசை வரிசையாக இறங்கி வாருங்கள். சம்பளம், வீட்டு வருமானம், மற்ற வருமானம், மொத்தம், கழிவுகள், வரிக்குரிய வருமானம், வரி, தள்ளுபடி, செஸ், நிவாரணம், வட்டி, தாமதக் கட்டணம், பிடித்த வரி என்று அது போகும். இரண்டு எண்களும் முதன்முதலில் எந்த வரிசையில் பிரிகின்றனவோ அங்கேதான் காரணம் இருக்கிறது. அதற்குக் கீழே உள்ள வித்தியாசங்கள் பெரும்பாலும் அந்த ஒன்றின் விளைவுகள்.

ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். தனியார் பள்ளி ஆசிரியை ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். 2024-25 நிதியாண்டில் அவருடைய வழக்கமான சம்பளம் 7,70,000 ரூபாய். அதோடு முந்தைய 2023-24 ஆண்டுக்கான சம்பள உயர்வு அரியராக 1,20,000 ரூபாய் பிப்ரவரியில் மொத்தமாக வந்தது. ஆக 8,90,000. புதிய வரி முறையில் நிலையான கழிவு 75,000 போக வரிக்குரிய வருமானம் 8,15,000 ரூபாய். முதல் 3 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், 20,000. மீதி 1,15,000-க்கு 10 சதவீதம், 11,500. மொத்தம் 31,500, 4 சதவீத செஸ் 1,260 சேர்த்து 32,760 ரூபாய். பள்ளி அலுவலகம் இந்த 32,760-ஐச் சம்பளத்திலேயே பிடித்து அரசுக்குக் கட்டிவிட்டது.

அரியர் மட்டும் அந்த ஆண்டு வராமல் இருந்திருந்தால்? வரிக்குரிய வருமானம் 6,95,000 ரூபாயாக இருந்திருக்கும். அந்த ஆண்டின் புதிய முறையில் 7 லட்சம் வரை 87ஏ பிரிவின்படி வரி முழுவதும் தள்ளுபடி. ஒரு ரூபாய்கூட வரி இல்லை. அரியரை அது உரிய காலத்தில், 2023-24-லேயே கொடுத்திருந்தால்? அந்த ஆண்டில் அவருக்கு வந்த சம்பளம் 6,20,000; அப்போதைய நிலையான கழிவு 50,000 போக 5,70,000. அரியரைச் சேர்த்தாலும் 6,90,000. அப்போதும் 7 லட்சத்துக்குள்தான், வரி இல்லை. பள்ளி நிர்வாகம் தாமதமாகக் கொடுத்தது என்ற ஒரே காரணத்தால் அவர் 32,760 ரூபாய் வரி கட்டும்படி ஆயிற்று.

இந்த அநியாயத்தைச் சரிசெய்யத்தான் 89-ஆம் பிரிவு இருக்கிறது. அரியர் கையில் வந்த ஆண்டில் அதனால் கூடிய வரி எவ்வளவு, உரிய ஆண்டிலேயே வந்திருந்தால் எவ்வளவு கூடியிருக்கும் என்று இரண்டையும் கணக்கிட்டு, அந்த வித்தியாசத்தை நிவாரணமாகக் கழித்துக்கொள்ளலாம். புதிய வரி முறையிலும் இந்த நிவாரணம் உண்டு. ஆசிரியைக்கு வித்தியாசம் 32,760 கழித்தல் பூஜ்யம், அதாவது முழு 32,760. கணக்கைத் தாக்கல் செய்தபோது நிவாரணக் கட்டத்தில் அந்தத் தொகையை எழுதினார். முழு ரீஃபண்டும் கேட்டார். அவர் கேட்டது சட்டப்படி சரியான தொகை.

அறிவிப்பில் வந்தது பூஜ்யம். மேலிருந்து வரிசையாக இறங்கிப் பார்த்தால் சம்பளம் இரண்டு பக்கமும் ஒன்று. வரிக்குரிய வருமானம் ஒன்று. வரியும் செஸ்ஸும் ஒன்று. நிவாரண வரிசையில்தான் எண்கள் பிரிகின்றன. அவர் பக்கம் 32,760. துறையின் பக்கம் 0. அதன்பின் பிடித்த வரியும் இரண்டு பக்கமும் ஒன்றே. நிவாரணம் போனதும் கட்டவேண்டிய வரி 32,760, கட்டிய வரி 32,760. கழித்தால் மிச்சம் இல்லை. பள்ளி அலுவலகம் வரியைத் துல்லியமாகப் பிடித்திருந்ததால்தான் முடிவு இவ்வளவு சுத்தமான பூஜ்யமாக நிற்கிறது. சம்பளத்தில் மட்டும் வரி பிடிக்கப்பட்ட ஒருவர் கேட்ட ரீஃபண்ட் இப்படிச் சரியாகப் பூஜ்யமானால், அவர் கோரிய ஏதோ ஒரு கழிவோ நிவாரணமோ முழுதாக ஏற்கப்படவில்லை என்று முதலில் சந்தேகிக்கலாம்.

ஏன் ஏற்கவில்லை? படிவம் 10இ தாக்கல் செய்யப்படவில்லை. 89-ஆம் பிரிவு நிவாரணம் கேட்பவர் இந்தப் படிவத்தை இணையத்தில் தனியாகத் தாக்கல் செய்யவேண்டும். வருமான வரிக் கணக்கில் நிவாரணத் தொகையை எழுதினால் மட்டும் போதாது. எந்த ஆண்டுக்கு எவ்வளவு அரியர், அந்த ஆண்டின் வருமானம் என்ன, வரி என்ன என்ற விவரமெல்லாம் அந்தப் படிவத்தில்தான் இருக்கிறது. அது இல்லாமல் கணினிக்கு நிவாரணத்தைச் சரிபார்க்க வழியில்லை, பூஜ்யம் போட்டுவிடுகிறது. இங்கே இன்னொரு குழப்பமும் நடக்கிறது. அரசு ஊழியர்கள் பலரும் அரியர் விவரத்தை அலுவலகத்தில் காகிதத்தில் கொடுப்பார்கள். அலுவலகமே நிவாரணத்தைக் கழித்துக் குறைவாக வரி பிடித்து, படிவம் 16-லும் காட்டிவிடும். அலுவலகத்தில் கொடுத்தாயிற்றே என்று இணையத்தில் 10இ போடாமல் இருந்துவிடுவார்கள். அவர்களுக்கு வருவது பூஜ்யம் அல்ல. குறைவாகப் பிடித்த தொகையைக் கட்டச் சொல்லும் டிமாண்ட் நோட்டீஸ். காரணம் ஒன்றேதான்.

ஆசிரியைக்கு வழி இருக்கிறது. e-File பகுதியில் Income Tax Forms போய், 2025-26 மதிப்பீட்டு ஆண்டுக்கு Form 10E தாக்கல் செய்யவேண்டும். அரியர் கிடைத்த நிதியாண்டு 2024-25 என்பதால் மதிப்பீட்டு ஆண்டு 2025-26. அரியர் எந்த ஆண்டுக்கு உரியதோ அந்த ஆண்டைத் தேர்ந்தெடுத்துப் படிவத்தையே வீணாக்குபவர்கள் உண்டு. இந்த இடத்தில் நிதானம் வேண்டும். படிவம் போனபின், திருத்தக் கணக்குக்கு நாள் இருந்தால் அதுவே சிறந்த வழி என்பது என் கருத்து. 2025-26 மதிப்பீட்டு ஆண்டுக்கு அந்தக் கெடு 31-12-2025. 143(1) அறிவிப்பு வந்துவிட்டது என்பதால் திருத்தக் கணக்குப் போடும் உரிமை போய்விடாது. புதிய கணக்கு உள்ளே போகும்போது அதற்கு முன்பே 10இ பதிவாகியிருக்கும் என்பதால், படிவம் பிந்தியது என்ற பேச்சுக்கே இடமில்லை. தாக்கல் செய்தபின் 30 நாளுக்குள் இ-சரிபார்ப்பையும் முடித்துவிடவேண்டும். அதை மறந்தால் திருத்தக் கணக்கு போட்டதாகவே ஆகாது.

கெடு தாண்டிவிட்டால் 154-ஆம் பிரிவின்கீழ் பிழைதிருத்தம் கேட்கலாம். Services பகுதியில் Rectification என்று இருக்கும். அதில் நம் கணக்கில் எதையும் மாற்றாமல் மறுபடி செயலாக்கச் சொல்லும் "Reprocess the return" ஒரு தெரிவு. வரிப் பிடித்தம் பொருந்தாததைச் சரிசெய்வதற்கு "Tax credit mismatch correction" என்று இன்னொன்று. நாம் எழுதிய விவரத்தையே திருத்த வேறொன்று. நிவாரண எண் சரி, படிவம்தான் இல்லாமல் இருந்தது என்றால் 10இ போட்டபின் முதலாவதைத் தேர்ந்தெடுக்கவேண்டும். அறிவிப்பு எந்த நிதியாண்டில் வந்ததோ அது முடிந்து நான்கு ஆண்டுகள் வரை இந்த வழி திறந்திருக்கும். ஆனால் பின்னால் போட்ட படிவத்தை ஏற்க மறுத்துப் பிழைதிருத்தத்தை நிராகரிக்கும் வாய்ப்பும் உண்டு. அதனால்தான் திருத்தக் கணக்குக்கு நாள் இருக்கும்போதே அறிவிப்பைத் திறந்து பார்க்கும்படி வற்புறுத்துகிறேன்.

இதே ஆசிரியை 10இ படிவத்தையும் முறையாகப் போட்டிருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியிருந்தும் எண் மாறலாம். அரியர் பிப்ரவரியில் வந்தது. அதற்கான வரியில் பெரும்பகுதியைப் பள்ளி அலுவலகம் பிப்ரவரி, மார்ச்சில் பிடித்திருக்கும். அந்தப் பிடித்தம் ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலாண்டு அறிக்கையில் போகவேண்டும். அதற்குக் கெடு மே 31. பள்ளி அந்த அறிக்கையைப் போடாமல் விட்டாலும், அவருடைய பான் எண்ணில் ஓர் எழுத்தை மாற்றிப் போட்டாலும், பிடித்த வரி அவர் பெயரில் ஏறாது. உதாரணத்துக்கு 24,000 ரூபாய் அப்படி விடுபட்டது என்றால், நிவாரண வரிசை இரண்டு பக்கமும் 32,760 என்றே இருக்கும். பிடித்த வரி வரிசையில்தான் ஒரு பக்கம் 32,760-உம் மறுபக்கம் 8,760-உம் நிற்கும். ரீஃபண்ட் வரும், ஆனால் 8,760 மட்டும். அறிவிப்பின் பின்பகுதியில் ஒவ்வொரு பிடித்தத்துக்கும் எவ்வளவு கேட்டீர்கள், எவ்வளவு ஏற்கப்பட்டது என்று தனி அட்டவணை இருக்கும். எந்த நிறுவனத்தின் பிடித்தம் குறைகிறது என்பதை அங்கே பார்க்கலாம்.

இதற்கு நாம் கணக்கில் செய்யக்கூடிய திருத்தம் எதுவும் இல்லை. நம் எண் சரி. பள்ளியின் அறிக்கைதான் தவறு. படிவம் 26ஏஎஸ் என்ற வரிப் பிடித்தப் பதிவேட்டைத் தளத்திலேயே இறக்கி, விடுபட்ட தொகையைக் குறித்து, பள்ளி அலுவலகத்தில் திருத்த அறிக்கை போடச் சொல்லிக் கேட்கவேண்டும். வாய்மொழியாகச் சொல்வதோடு நிறுத்தாமல் படிவம் 16-உம் சம்பளச் சீட்டும் இணைத்து எழுத்தில் கொடுப்பது நல்லது. 26ஏஎஸ்-ல் தொகை ஏறியபிறகு மேலே சொன்ன "Tax credit mismatch correction" வழியாகப் பிழைதிருத்தம் கேட்டால் மீதி வரும். ஏறுவதற்கு முன்பே கேட்டால் அதே பதில்தான் மறுபடி வரும். பள்ளி பிடித்த வரியைக் கட்டவே இல்லை என்றால் நிலைமை கஷ்டம்தான். ஆனால் சம்பளத்தில் பிடிக்கப்பட்டுவிட்ட வரியை ஊழியரிடமே மறுபடி வசூலிக்கக்கூடாது என்று 205-ஆம் பிரிவு சொல்கிறது. சம்பளச் சீட்டைப் பத்திரமாக வைத்திருப்பதற்கு இது போதுமான காரணம்.

வங்கி வைப்பு வட்டியில் இன்னொரு விதமாக இது நடக்கும். வங்கி பிடித்த வரியைக் கேட்டிருப்போம், ஆனால் அந்த வட்டி வருமானத்தைக் கணக்கில் காட்ட மறந்திருப்போம். வருமானத்தைக் காட்டாமல் அதன்மீது பிடித்த வரியை மட்டும் கேட்டால் தரமாட்டார்கள். இந்த இடத்தில் திருந்தவேண்டியது நம் கணக்கு. திருத்தக் கணக்குப் போட்டு வட்டியைச் சேர்ப்பதே முறை. நாமே கட்டிய சுயமதிப்பீட்டு வரியிலும் சலானில் மதிப்பீட்டு ஆண்டைத் தவறாகத் தேர்ந்தெடுத்திருந்தால் அந்தத் தொகை வேறோர் ஆண்டில் போய் உட்கார்ந்திருக்கும். தளத்தின் Services பகுதியில் உள்ள Challan Correction வழியாக அதை மாற்றலாம்.

தொழில் வருமானம் உள்ளவர்களுக்கு வேறொரு படிவம் இதே வேலையைச் செய்கிறது. இப்போது புதிய வரி முறைதான் இயல்பான முறை. பழைய முறை வேண்டும் என்றால் தொழில் செய்வோர் கணக்குத் தாக்கலின் கெடுவுக்குள் படிவம் 10-ஐஇஏ போட்டிருக்கவேண்டும். போடாவிட்டால் துறை புதிய முறையில் கணக்கிடும்; 80சி போன்ற கழிவுகள் எல்லாம் அந்தப் பக்கத்தில் பூஜ்யமாகும். ஒரே ஒரு வரிசைக்குப் பதிலாகக் கழிவுகள், வரி, தள்ளுபடி எல்லாமே ஒன்றாக மாறியிருந்தால் வரி முறை மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

சில சமயம் கணக்கு சரியாகவே இருக்கும், ரீஃபண்டும் உண்டு என்று அறிவிப்பு சொல்லும். பணம் மட்டும் வராது. என்றோ ஒரு ஆண்டின் பழைய வரி பாக்கி உங்கள் பெயரில் இருந்தால், 245-ஆம் பிரிவின்கீழ் இந்த ரீஃபண்டை அதில் வரவு வைக்கலாம். அதற்கு முன் நோட்டீஸ் அனுப்பி, பதில் சொல்ல 21 நாள் தருவார்கள். Pending Actions பகுதியில் Response to Outstanding Demand என்ற இடத்தில் அந்தப் பாக்கி உண்மையா, ஏற்கெனவே கட்டியதா என்று சொல்லலாம். பத்து, பதினைந்து ஆண்டுக்கு முந்தைய பாக்கியாக இருந்தாலும் சலான் நகல் இருந்தால் மறுத்துப் பதில் போடத் தயங்கவேண்டாம். பதிலே போடாவிட்டால் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டு கழித்துவிடுவார்கள்.

நாம் கேட்டதைவிடக் கூடுதலாக வருவதும் உண்டு. அது 244ஏ பிரிவின்படி துறை தரும் வட்டி, மாதத்துக்கு அரை சதவீதம். கெடுவுக்குள் கணக்குப் போட்டிருந்தால் மதிப்பீட்டு ஆண்டின் ஏப்ரல் 1 முதல் எண்ணுவார்கள். ரீஃபண்ட் தொகை, தீர்மானித்த வரியில் 10 சதவீதத்துக்கும் குறைவு என்றால் வட்டி இல்லை. ஆசிரியையின் 32,760 ரூபாய் செப்டம்பரில் வந்திருந்தால் ஆறு மாதத்துக்கு, நூறு ரூபாய்க்குக் கீழான உதிரியை விட்டு, 981 ரூபாய் சேர்ந்திருக்கும். அந்த 981 அவருடைய அடுத்த ஆண்டு வருமானத்தில் சேர்க்கவேண்டிய தொகை. பலர் அதை விட்டுவிடுவதால் அடுத்த ஆண்டு அறிவிப்பிலும் ஒரு தகராறு முளைக்கிறது.

இத்தனைக்கும் முன்னால் ஒரு வாய்ப்பு இருந்திருக்கும் என்பதையும் சொல்லவேண்டும். 143(1)(ஏ) பிரிவின்படி வருமானத்திலோ கழிவிலோ மாற்றம் செய்வதற்கு முன், என்ன மாற்றப்போகிறோம் என்று துறை முதலில் தெரிவித்து 30 நாள் தரவேண்டும். அந்தச் செய்தி மின்னஞ்சலில் வந்து, குப்பை அஞ்சலில் கிடந்து, கெடு முடிந்தபின் கணக்கு மாற்றப்பட்டுவிடுகிறது. உங்கள் கணக்கைப் போட்டுத் தரும் ஆடிட்டர் அலுவலகத்தின் மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் தளத்தில் பதிவாகியிருந்தால் அது உங்களுக்கு வரவே வராது. தளத்தில் My Profile பகுதிக்குப் போய் யாருடைய எண் இருக்கிறது என்று பார்த்து, உங்களுடையதை முதன்மையாக மாற்றிவிடுங்கள்.

பிழைதிருத்தமும் மறுக்கப்பட்டால் மேல்முறையீடு உண்டு. 143(1) அறிவிப்பையே எதிர்த்தும் போகலாம். இரண்டுக்கும் படிவம் 35, இரண்டுக்கும் 30 நாள். நாட்கள் அந்தந்த உத்தரவு உங்களுக்குக் கிடைத்த தேதியிலிருந்து எண்ணப்படும். பிழைதிருத்தம் கேட்டு அதன் முடிவுக்குக் காத்திருக்கும்போது அறிவிப்புக்கு எதிரான 30 நாள் நின்று காத்திருக்காது. வித்தியாசம் பெரிய தொகை என்றால், அதற்கான காரணம் படிவத்தைப் பற்றியதாக இல்லாமல் சட்டத்தைப் பற்றியதாக இருந்தால், முதல் மாதத்திலேயே ஓர் ஆடிட்டரிடம் அறிவிப்பைக் காட்டி, எந்த வழியில் போவது என்று முடிவெடுக்கவேண்டும்.